உஷார்! நாலு படம், நாலு வீடு

கிளையண்ட்டிடம் நாளைக்குக் காட்ட வேண்டிய 3டி படங்களை, ஏஐ கருவியில் கோணத்துக்கு ஒன்றாக எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து அனுப்பாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்று, டைல்ஸ் ஒன்று, வாசலில் நிற்கும் செம்பருத்திகூட ஒன்றாக இருக்கலாம். ஆனால் வீடு ஒன்றாக இருக்காது.

காரணம் எளிது. எழுத்தைப் படித்துப் படம் வரையும் கருவிக்குள் கட்டடம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, நீங்கள் எழுதியதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு படத்தைத் தேற்றி எடுக்கிறது. முந்தைய படத்தில் ஜன்னல் எங்கே இருந்தது என்பது அதற்குத் தெரியாது. சீட் எண்ணை மாற்றாமல் வைத்தால் வீடும் மாறாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. சீட் எண் அந்தத் தொடக்கப் புள்ளிகளைத்தான் ஒன்றாக்கும். கேள்வியில் ‘இடப்பக்க மூலையிலிருந்து’ என்று மாற்றியதுமே அது வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு சாதாரண வீட்டை வைத்தே பார்க்கலாம். 30க்கு 50 மனை, கிழக்கே ரோடு, கீழும் மேலுமாக இரண்டு தளம். ரோட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம், அதாவது தென்கிழக்கில், கார் போர்டிகோ. வலப்பக்கம் வடக்குச் சுவரின் பின்பாதியை ஒட்டி மாடிக்கு வெளிப்படி. முதல் படம் நேர் முகப்பு, அருமையாக வந்திருக்கிறது. இரண்டாவது, வடகிழக்கு மூலையிலிருந்து. தரையிலிருந்து மாடிக்கு 12 அடி, அதாவது 144 அங்குலம். படி 6 அங்குல உயரம் என்றால் 24 படி வர வேண்டும். படத்தில் எண்ணினால் 15தான். படி ஒவ்வொன்றும் 9.6 அங்குலம்! எந்தப் பாட்டி அதில் ஏறுவார்? மூன்றாவது படத்தில் வீடே கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி, போர்டிகோ வடக்கே போயிருக்கிறது. படுக்கையறையும், வாஸ்து பார்த்து வைத்த சமையலறையும் அதோடு இடம் மாறிவிட்டன.

படி எண்ணிக்கையாவது கண்ணில் படும். உயரத்தில் வரும் தப்பு படாது. அதற்கு ஸ்கேல் போதும். தரையிலிருந்து பேஸ்மென்ட் 2 அடி, கீழ்த்தளம் 10, மேல்தளம் 10, பாரபெட் 3; மொத்தம் 25 அடி. கேமரா மேலேயோ கீழேயோ சாயாமல், சுவர் விளிம்புகள் நேராக நிற்கிற படமாக இருந்தால், ஒரே மூலை விளிம்பில் உள்ள உயரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். இந்த வீட்டின் வடகிழக்கு மூலை முதல் இரண்டு படங்களிலும் தெரிகிறது. முதல் படத்தில் அந்த விளிம்பு 10 செ.மீ. இருந்தால் மாடித் தரைமட்டம் 4.8 செ.மீ.யில் வர வேண்டும், மொட்டைமாடி 8.8ல். இரண்டாவதில் விளிம்பு 7.5 செ.மீ. என்றால் அவை 3.6லும் 6.6லும் வர வேண்டும். அளந்து பார்த்தால் மொட்டைமாடி 6.6ல் சரியாக இருக்கிறது, மாடித் தரை மட்டும் 4.2ல் நிற்கிறது. கணக்குப் போட்டால் அது தரையிலிருந்து 14 அடி. கீழ்த்தளம் 12 அடியாகி, மேல்தளம் 8 அடிக்கு நசுங்கிவிட்டது. இந்தப் படத்தில் கீழ் ஹாலின் உயரத்தைப் பார்த்து மயங்கிய வீட்டுக்காரர், ரூஃப் சென்ட்ரிங் அடித்த அன்று வந்து நின்று ‘படத்தில் இப்படி இல்லையே’ என்பார். அவர் சொல்வது நியாயம்.

இன்னும் ஆபத்தானது வேறொன்று. ஒரு நல்ல படத்தைக் கொடுத்து, ‘இதே வீட்டைப் பக்கவாட்டிலிருந்து காட்டு’ என்று கேட்கும் வசதி இப்போது பல கருவிகளில் இருக்கிறது. முகப்பையும் நிறத்தையும் அது ஓரளவு ஒழுங்காகக் கொண்டுவரும், அதனாலேயே நம்பிவிடுகிறோம். ஆனால் முதல் படத்தில் தெரியாத சுவரை அது எங்கிருந்து எடுக்கும்? கற்பனைதான். அந்த இரண்டாவது படத்தைக் கொடுத்து மூன்றாவதை வாங்கினால், இரண்டாவதில் இருந்த தப்பு மூன்றாவதில் நிஜமாகிவிடும். அப்படிச் சங்கிலியாக ஒருபோதும் எடுக்காதீர்கள்.

வழி இருக்கிறது, அதற்கு வீடு முதலில் எங்காவது இருந்தாக வேண்டும். பிளானை வைத்து ஸ்கெட்சப்பிலோ பிளெண்டரிலோ எளிய மாடல் ஒன்று போடுங்கள். சுவர், ஸ்லாப், ஜன்னல் திறப்பு, சன்ஷேடு, படி, பாரபெட் போதும்; கிரில் டிசைன்கூட வேண்டாம். கண்மட்ட உயரத்தில் கேமராக்களை வைத்து, லென்ஸ் கோணத்தை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்துப் பூட்டிவிடுங்கள். ஸ்கெட்சப் என்றால் Camera மெனுவில் Two-Point Perspective போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு Scene ஆகச் சேமிக்கலாம். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் கோட்டுப்படம் ஒன்று, தூரத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் டெப்த் படம் ஒன்று எடுங்கள். 2023ல் வந்த கண்ட்ரோல்நெட் போன்ற முறைகள் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வரையும்.

டெப்த் படத்தை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். சுவரோடு சுவராக இருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் தூரத்தில் வித்தியாசமே இல்லை, எனவே கருவி அதைத் தின்றுவிடும். ஜன்னலைக் காப்பாற்றுவது கோட்டுப்படம். மாடலின் படத்தையே அடிப்படையாகக் கொடுத்து மெருகேற்றச் சொல்பவர்கள், மாற்றத்தின் அளவைச் சொல்லும் denoise எண்ணைத் தாழ்வாகவே வையுங்கள். 0.3ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்புதான் மாறும், 0.6ஐத் தாண்டினால் ஜன்னல்களும் நகரத் தொடங்கும். என்னைக் கேட்டால், கட்டடத்தைச் சாதாரண ரெண்டரிலேயே எடுத்துவிட்டு, அதை மாஸ்க் போட்டு மறைத்து, வானம், மரம், மனிதர்களுக்கு மட்டும் ஏஐயை விடுவதுதான் பத்திரம். பளபளப்பு கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வெயிலையும் கவனியுங்கள். ஜனவரி காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். கிழக்குச் சுவரில் வெயில் விழும், வடக்குச் சுவர் நிழலில் நிற்கும். மே, ஜூன் காலையில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். ஒரு தேதி, ஒரு மணி என்று மாடலில் குறித்து, எல்லாப் படத்துக்கும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் எந்த அறை சுடும் என்பதையே கிளையண்ட் தப்பாகப் புரிந்துகொள்வார். மேலிருந்து பார்க்கும் படத்துக்கு மேலே சொன்ன ஸ்கேல் சோதனை செல்லாது, அங்கே செங்குத்துக் கோடுகளே சாய்ந்துவிடும். அதையும் மாடலின் அதே கேமரா படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பாரபெட்டும் தண்ணீர்த் தொட்டியும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃபிளாட் விற்கும் புரமோட்டர்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 12ஆம் பிரிவு இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், புரமோட்டர் ஈடுகட்ட வேண்டும். இல்லாத பால்கனியைக் கருவி வரைந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள். படத்தை வெளியிட்டவர் நீங்கள்தான்.

தனி வீடாக இருந்தாலும், வண்ணப் படத்தின் மேல் கையெழுத்து வாங்காதீர்கள். அளவு போட்ட பிளான், நாலு பக்க எலிவேஷன் கோட்டுப்படம், இவற்றில் வாங்குங்கள். மாடலில் மாற்றம் செய்தால் பழைய படங்கள் அத்தனையையும் தூக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மாடலின் தேதியை எழுதி, தேதி ஒத்துப்போகாத படம் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டை கிளையண்ட் முன்னால் விரிக்காதீர்கள்.