பட்டறைக் கணக்கு – 9: விலை முதலில், டை பிறகு

திருவேற்காட்டிலிருந்து அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட் வரை போகும்போது பிரஸ் ஓடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். அந்தப் பட்டறைகளில் அடக்கவிலை போடும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். தகடு என்ன விலை, கூலி என்ன, கரண்ட் என்ன என்று கூட்டி, மேலே பத்து சதவீதம் லாபம் வைத்து கொட்டேஷன் அனுப்புவார்கள். வாங்குகிறவர் குறைக்கச் சொன்னால் லாபத்தில் கை வைப்பார்கள்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்ட ஒரு கார் நமக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடத்தில் பிறந்தது: ரெனோ க்விட். ஐந்தாயிரம் யூரோ கார் என்ற இலக்கோடு தொடங்கி, 2004-இல் வெளிவந்த லோகன் வரிசையை நடத்திய ஜெரார் தெதுர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், சென்னையிலேயே தங்கி இதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். க்விட் 2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை சுமார் 2,57,000 ரூபாய்.

அந்த விலையிலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். அப்போது டெல்லியில் வாட் வரி 12.5 சதவீதம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 2,28,000. டீலருக்கு 4 சதவீதம் என்று நாமாக வைத்துக்கொண்டால் 2,19,000. சிறிய காருக்கான எக்சைஸ் வரியும் ஏறத்தாழ வாட் அளவுதான். அதையும் எடுத்தால் கையில் நிற்பது இரண்டு லட்சத்துக்கும் கீழே. கம்பெனியின் லாபத்தை இதிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும். எஞ்சிய தொகைக்குள் எஞ்சின், பாடி, டயர், சீட், கூலி, டை செலவு எல்லாம் அடங்க வேண்டும். இதுதான் இலக்கு அடக்கவிலை. ஜப்பானில் டொயோட்டா 1960-களிலேயே இதைப் பழக்கிக்கொண்டது. அங்கே இதற்கு 'கென்கா கிகாகு' என்று பெயர்.

தொகை தெரிந்துவிட்டால் பொறியாளரின் கேள்வி மாறிவிடுகிறது. 'இது எவ்வளவு ஆகும்?' என்பது போய், 'இவ்வளவுக்குள் இதை எப்படிச் செய்வது?' என்று ஆகிறது. க்விட்டின் சக்கரத்தில் நான்கு போல்ட் கிடையாது, மூன்றுதான். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். வண்டியின் 98 சதவீதம் உள்நாட்டுப் பாகம் என்று கம்பெனி சொன்னது. கார் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு போல்ட்டை எடுக்க முடியாது. ஹப், சக்கரம், பிரேக் டிரம் எல்லாவற்றின் டிராயிங்கும் மாற வேண்டியிருக்கும். வரைபடத்தில் அது ஒரு வட்டத்தை அழிக்கும் வேலை.

இதை நம் ஊர் அளவுக்குக் கொண்டுவருவோம். திருவேற்காட்டில் ஒரு பிரஸ் பட்டறைக்கு, வண்டியின் அடிப்பக்கம் பொருத்தும் ஒரு சின்ன பிராக்கெட்டுக்கு விசாரணை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்காக நான் வைப்பவை. வாங்குகிறவர் 40 ரூபாய்க்கு மேல் தரமாட்டார். பட்டறைக்கு 3 ரூபாய் லாபம் வேண்டும். ஆகவே இலக்கு 37. இப்போதுள்ள டிராயிங்படி போட்டால் ஆகும் செலவு 42. ஐந்து ரூபாய் இடைவெளி.

முதலில் தகடு. பிராக்கெட்டின் எடை 180 கிராம். ஆனால் அதை வெட்டியெடுக்க 260 கிராம் தகடு போகிறது. பட்டையில் பிளாங்க்கைச் சாய்த்து அடுக்கினால் 225 கிராம் போதும். கிலோ 75 ரூபாய் தகட்டில் 35 கிராம் மிச்சம் என்றால் 2 ரூபாய் 60 காசு என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். அந்த 35 கிராமும் முன்பு ஸ்கிராப்பாகக் கிலோ 30 ரூபாய்க்கு விலைபோனது. அதைக் கழித்தால் உண்மையான மிச்சம் 1 ரூபாய் 60 காசுதான். அடுத்து, ஐந்து ஸ்ட்ரோக்கை நான்காக்கினால் 1.20. அட்டைப்பெட்டிக்குப் பதில் திரும்பி வரும் பிளாஸ்டிக் கிரேட் என்றால் 50 காசு. மொத்தம் 3.30. இன்னும் 1.70 வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி கண்ணில் படும். சாதாரணத் தகட்டில் அடித்து பிளேட்டிங்குக்கு அனுப்ப 3.50 ஆகிறது. அதை விட்டுவிட்டு ஜி.ஐ. ஷீட்டிலேயே அடித்தால் கிலோவுக்கு 8 ரூபாய் கூட, அதாவது பிராக்கெட்டுக்கு 1.80. மிச்சம் சரியாக 1.70. கணக்கு முடிந்தது என்று டைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஜி.ஐ. ஷீட்டை வெட்டும்போது ஓரத்தில் துத்தநாகப் பூச்சு கிடையாது, வெறும் இரும்பு தெரியும். கேபினுக்குள் இருக்கும் பாகத்துக்கு அது பெரிய குறை இல்லை. இதுவோ சக்கரத்துக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீரும் சேறும் அடிக்கிற இடம். வாரன்டி காலத்துக்குள் இருநூற்றில் ஒன்று துருப்பிடித்துத் திரும்பி வந்தால்? மெக்கானிக் கூலி, புதுப் பாகம், போக்குவரத்து என்று ஒரு புகாருக்கு 400 ரூபாய் டெபிட் நோட் வரும். இருநூறால் வகுத்தால் பாகத்துக்கு 2 ரூபாய். மிச்சம் பிடித்தது 1.70, பிறகு கொடுப்பது 2. பொருள் பட்டறையை விட்டுப் போன பின்னும் அதன் செலவைத் தொடர்ந்து எண்ணுவதுதான் ஆயுள்காலச் செலவுக் கணக்கு. வெட்டிய ஓரத்தோடு நாலு மாதிரியை உப்புத் தெளிப்புச் சோதனைக்கு அனுப்பினால், செந்துரு எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று டை செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆகவே பிளேட்டிங் இருக்கட்டும். தகட்டை 2 மில்லிமீட்டரிலிருந்து 1.8 ஆக்கி, வளைவில் ஒரு ரிப் போட்டால் விறைப்பு குறையாது. அதிர்வுச் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிராப் கழித்து 1.55 மிச்சம். பாக்கி 15 காசு. அது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. எந்தப் பாகமும் வந்து சேராத ஒரு ஓட்டைக்கு இறுக்கமான டாலரன்ஸ் கொடுத்திருப்பார்கள். அதைத் தளர்த்தச் சொன்னால் சோதிக்கும் நேரமும் ரிஜெக்‌ஷனும் குறையும்.

க்விட்டும் இந்தப் பின்செலவைக் கண்டது. 2016 அக்டோபரில் 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, எரிபொருள் குழாயில் ஒரு கிளிப் மாட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். திருத்திய வண்டிக்கு செப்டம்பரில் ஒன்று. பிரேசிலில் நான்கு ஏர்பேக்கோடும் வலுப்படுத்திய பாடியோடும் செய்த க்விட் 2017-இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. அன்று நம் சட்டம் ஏர்பேக் கேட்கவில்லை. விலையைப் போலவே உயிர்ப் பாதுகாப்பும் முதல் நாளே இலக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். செலவைக் குறைக்கும் பட்டியலில் அது ஒரு வரியாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டிராயிங் வந்ததும் விலை சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பாகம் வண்டியில் எங்கே உட்காருகிறது, எத்தனை வருடம் வாரன்டி, எந்த ஓட்டை எதற்கு என்று அதை வரைந்த டிசைனரிடம் நேரில் போய்க் கேளுங்கள். டைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்.