தரச் செலவுகள் நான்கு: ஒரு கையுறைத் தொழிற்சாலைக் கணக்கு

மேலாண்மைக் கணக்கியல் தேர்வில் தரச் செலவு வினா வந்தால் நம்மில் பலர் மகிழ்ச்சியோடு அதைத் தேர்ந்தெடுப்போம். சூத்திரம் இல்லை, செலவுகளை நான்கு பெட்டிகளில் போட்டால் போதும் என்று எண்ணுவோம். ஆனால், மதிப்பெண் குறைவதும் பெரும்பாலும் அங்கேதான். செலவின் பெயரைப் பார்த்துப் பெட்டியைத் தீர்மானிப்பதே அதற்குக் காரணம்.

1956-ஆம் ஆண்டில் ஆர்மண்ட் ஃபைகன்பாம் தரச் செலவுகளைத் தடுப்பு, மதிப்பீடு, தோல்வி என வகைப்படுத்தினார். தோல்வியை அகம், புறம் எனப் பிரித்து நான்காகக் கொள்வது இன்றைய வழக்கம். விரிவுரைகளில் நாம் கேட்கும் பிரிவென்ஷன், அப்ரைசல், இன்டர்னல் ஃபெயிலியர், எக்ஸ்டர்னல் ஃபெயிலியர் என்பவை இவையே.

நமக்கு நன்கு அறிமுகமான இரப்பர் கையுறைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கையுறையில் துளை உண்டா என்று அறிய, மாதிரிக் கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, 2 நிமிடம் தொங்கவிட்டுக் கசிவைப் பார்ப்பார்கள். கற்பனையான ஒரு தொழிற்சாலையின் ஒரு மாதச் செலவுகள் இவை:

1. இயந்திரம் இயக்குவோருக்குப் பயிற்சி – 12,000 ரிங்கிட்
2. இரப்பர் பால் வழங்கும் நிறுவனத்தின் தகுதியை நேரில் ஆராய்தல் – 6,000
3. நீர்ச் சோதனை செய்வோரின் ஊதியம் – 22,000
4. சோதனைக்குப் பயன்பட்டு வீணான மாதிரிகள் – 4,000
5. குறை கண்டு கழித்த கையுறைகளின் அடக்கவிலை 30,000. அவற்றைக் கழிவாக விற்றுப் பெற்றது 5,000
6. சோதனையில் தேறாத ஒரு தொகுதியைப் பிரித்தெடுத்து மீண்டும் சோதித்தல் – 9,000
7. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்குக்கான போக்குவரத்தும் மாற்றுச் சரக்கும் – 40,000
8. அதனால் கைவிட்டுப் போன மறு ஆர்டரில் இழந்த பங்களிப்பு – 18,000

ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: குறையே இல்லாமல் போயிருந்தால் இந்தச் செலவு ஏற்பட்டிருக்குமா? ஏற்பட்டிருக்கும் என்றால் அது தடுப்பு அல்லது மதிப்பீடு. ஏற்பட்டிருக்காது என்றால் அது தோல்வி. பிறகு, தோல்வி வாடிக்கையாளரிடம் போகும் முன் தெரிந்ததா, போன பின் தெரிந்ததா என்று பார்த்தால் அகமும் புறமும் பிரிந்துவிடும்.

முதல் இரண்டும் குறை பிறக்காமல் காப்பவை. ஆகவே தடுப்புச் செலவு 18,000. மூன்றாவது, குறையைத் தேடும் செலவு, எனவே மதிப்பீடு. நான்காவதைக் கண்டதும் ‘வீணானது’ என்ற சொல் நம்மைத் தோல்விப் பெட்டிக்கு இழுக்கும். ஆனால் நல்ல கையுறையும் சோதனைக்குப் பின் விற்பனைக்குப் போகாது. குறை இல்லாவிட்டாலும் இச்செலவு உண்டு. ஆகவே இதுவும் மதிப்பீடே. மொத்தம் 26,000.

ஐந்தாவதில் விற்றுப் பெற்றதைக் கழித்து 25,000 மட்டும் எழுத வேண்டும். ஆறாவதுதான் பலரை ஏமாற்றும் வரி. ‘சோதித்தல்’ என்று இருப்பதால் மதிப்பீடு என்று எழுதிவிடுவோம். தொகுதி முதல் முறையே தேறியிருந்தால் இந்த 9,000 செலவாகியிருக்காது. ஆகவே இது அகத் தோல்வி. அகத் தோல்வி மொத்தம் 34,000. கடைசி இரண்டும் சேர்ந்த புறத் தோல்வி 58,000.

நான்கையும் கூட்டினால் 136,000 ரிங்கிட். அம்மாத விற்பனை 1,700,000 என்றால் அதில் 8 விழுக்காடு. இதில் 92,000, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம், தோல்விக்குப் போகிறது.

ஒரு வரி இடம் மாறினால் என்ன என்று கேட்கலாம். ஆறாவதை மதிப்பீட்டில் போட்டுப் பாருங்கள். மதிப்பீடு 35,000 ஆகும். அகத் தோல்வி 25,000 ஆகக் குறையும். அறிக்கையைப் படிக்கும் மேலாளர், ‘குறையால் இழப்பதைவிட அதைத் தேடவே அதிகம் செலவழிக்கிறோம்’ என்று நினைத்துச் சோதனையாளர்களைக் குறைக்கக்கூடும். அப்போது உள்ளே பிடிபட்டிருக்க வேண்டிய துளைகள் கப்பலேறிப் போகும். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் புறத் தோல்வி மேலும் பெருகும். சரியான அறிக்கையோ, தொகுதிகள் ஏன் தேறவில்லை என்று உற்பத்திப் பகுதியை நோக்கி அவரைத் திருப்பும்.

எட்டாவது வரி குறித்தும் ஓர் எச்சரிக்கை. இழந்த பங்களிப்பு பேரேட்டில் இராது. யாரும் அதற்குப் பற்றுச்சீட்டு தருவதில்லை. தேர்வில் வினாவே தொகையைத் தந்துவிடும். வேலையில் நாம்தான் விற்பனைப் பிரிவைக் கேட்டு மதிப்பிட வேண்டும். எழுதும்போது இழந்த விற்பனைத் தொகை முழுவதையும் எழுதக்கூடாது. மாறும் செலவுகளைக் கழித்த பங்களிப்பை மட்டுமே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தத் தொழிற்சாலையின் புறத் தோல்வி 40,000 என்றே தோன்றும். போன வாடிக்கையாளர் கணக்கில் எங்கும் தென்படமாட்டார்.