சேருமிடம் தெரியாமலே சேரும் எண்கள்

1, 3/2, 17/12, 577/408… ஓர் எண்ணையும், 2-ஐ அதனால் வகுத்து வருவதையும் கூட்டிப் பாதியாக்கினால் அடுத்த எண். இடைவெளிகள் 1/2, 1/12, 1/408. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதிக்கும் குறைவு என்று நிறுவலாம். ஆகவே எங்கிருந்து புறப்பட்டாலும், மொத்த நகர்வு முதல் இடைவெளியின் இரு மடங்கைத் தாண்டாது. இதுதான் கோஷி தொடர்வரிசை. அடுத்தடுத்தவை நெருங்கினால் மட்டும் போதாது: 1+1/2+1/3+… எல்லையின்றி வளர்கிறதே!

பின்னங்களுக்குள் நம் வரிசைக்குச் சேருமிடமே இல்லை, அது √2. மெய்யெண்களில் உண்டு. கோஷி வரிசை வரம்புக்குள் அடங்குவதால், போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றப்படி அதிலிருந்து பொறுக்கியெடுத்த சில உறுப்புகள் ஒரு மெய்யெண்ணை நெருங்கும். மற்றவையும் போகப்போக இவற்றை ஒட்டியே வருவதால், அதே எண்ணில்தான் போய்ச் சேர வேண்டும்.