தாமதமான பதிலுக்கு ஒரு வரி மன்னிப்பு போதும்

கோவையில் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டருக்குப் புதன்கிழமை ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை. இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், போனில் பேச வசதியான நேரம் ஆகியவற்றை ரெக்ரூட்டர் கேட்டிருக்கிறார். வேலை நெருக்கடியில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டவருக்குத் திங்கட்கிழமைதான் நினைவு வருகிறது. இனி எழுதி என்ன பயன் என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கைவிட வேண்டியதில்லை.

ஒரு ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல காலியிடங்களைக் கவனிக்கிறார். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே ‘பதில் இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்தவரை அழைப்பார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதனால் அவரைச் சமாதானப்படுத்தப் பத்தி பத்தியாக எழுதுவது வீண். காய்ச்சல், புராஜெக்ட் டெட்லைன், ஊர்த் திருவிழா என்று காரணங்களை அடுக்கினால், அவர் கேட்ட விவரம் கீழே எங்கோ மறைந்துவிடும். அந்தக் குறிப்பை அவர் மாற்ற வேண்டுமானால் அவருக்குத் தேவை அந்த விவரம்தான்.

புதிய மெயில் தொடங்காமல், வந்த மெயிலுக்கே பதில் அனுப்புங்கள். எந்த வேலை, என்ன கேட்டோம் என்று அவர் தேட வேண்டியிருக்காது. எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இவ்வளவுதான்:

“வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இந்த வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. இப்போதைய சம்பளம் ஆண்டுக்கு 8 லட்சம், எதிர்பார்ப்பது 11 லட்சம், நோட்டீஸ் பீரியட் 60 நாள். நாளை மாலை 5 மணிக்கு மேல் அல்லது புதன் காலை 10 மணிக்கு முன் பேசலாம். இடம் இன்னும் காலியாக உள்ளதா?”

கூடவே போன் எண்ணும் புதிய ரெஸ்யூமேயும். கேட்டதில் ஒன்றை விட்டாலும் இன்னொரு மெயில் போய்வர வேண்டும். ஏற்கெனவே தாமதித்தவருக்கு அது கூடுதல் பாதகம். “உங்களுக்கு வசதியான நேரத்தில் அழையுங்கள்” என்பது பணிவாகத் தோன்றும். ஆனால் நேரம் குறிக்கும் வேலை மறுபடி அவர் தலையில் விழுகிறது.

இன்டர்வியூ நேரம் குறித்த பிறகோ, ஆஃபர் லெட்டருக்குப் பதில் தர வேண்டிய கெடு நெருங்கும்போதோ தாமதம் நேர்ந்தால் மெயிலை மட்டும் நம்பாதீர்கள். அங்கே பேனலில் இருப்பவர்களின் நேரமும், வரிசையில் அடுத்து நிற்பவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் காத்திருக்கின்றன. முதலில் போன் செய்து பேசுங்கள். பேசியதை இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தால் நன்றி சொல்லி, இதே போன்ற அடுத்த இடத்துக்குத் தெரிவிக்கக் கேளுங்கள். உங்கள் சம்பள விவரமும் நோட்டீஸ் பீரியடும் இப்போது அவர் கையில் இருக்கின்றன.