ஊமைப் படத்தின் சிரிப்பு

நுழையும்முன்

நூறாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட பேசாப் படங்களை இன்று பார்க்கத் தொடங்குவோர் பலர், பத்து நிமிடங்களுக்குள் எழுந்துவிடுகின்றனர். மனிதர்கள் பொம்மைகளைப் போல ஓடுகின்றனர், படம் மங்கலாக இருக்கிறது, இசை பொருந்தவில்லை. குறை படத்தில் இருப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குறை, தேர்ந்தெடுத்த படியிலும் பார்த்த முறையிலுமே இருக்கிறது. இருபது நிமிடங்களுக்குச் சற்றுமேல் ஓடும் ஒரு நகைச்சுவைப் படத்தின் துணையோடு, பேசாப் படத்தைப் பார்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எதிலிருந்து தொடங்குவது?

பேசாப் படக் காலத்தில் சோகக் கதைகள், வரலாற்றுக் கதைகள், அச்சமூட்டும் கதைகள் எனப் பலவகைப் படங்கள் வந்தன. அவற்றின் நடிப்பு முறையும் கதைசொல்லும் வேகமும் இன்றைய கண்களுக்குப் புதியவை. பழகிய பின்னரே சுவைக்கும். நகைச்சுவைக்கு அந்தத் தடை குறைவு. ஒருவர் பலகையில் கால் வைக்கிறார். பலகையின் மறுமுனை எழும்பி அவர் முகத்தில் அறைகிறது. இதைப் புரிந்துகொள்ள மொழியோ காலமோ தேவையில்லை.

நகைச்சுவைப் படங்களிலும் முழுநீளப் படத்தைவிடக் குறும்படமே முதலில் ஏற்றது. அக்காலத்தில் படச்சுருள் ஒன்று ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம் கொண்டது. இரண்டு சுருள்களில் அடங்கும் படத்தை ‘இருசுருள் நகைச்சுவை’ என்றனர். அது இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் ஓடும். ஒரே ஒரு சிக்கல், இரண்டு மூன்று மாந்தர்கள், விரைந்து வரும் முடிவு ஆகியவையே அதன் அமைப்பு. அமெரிக்க நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன், எட்வர்டு கிளைனுடன் இணைந்து இயக்கி 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஒன் வீக்’ என்னும் படம் இவ்வகைக்குச் சிறந்த சான்று. ‘ஒரு வாரம்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

நல்ல படியை அறிதல்

இப்படம் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டதால், இணையத்தில் இதன் படிகள் பல கிடைக்கின்றன. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பார்க்கும்முன் மூன்றைச் சோதித்தறிய வேண்டும்.

முதலாவது வேகம். பேசாப் படக் காலத்தில் ஒளிப்பதிவாளர் கருவியின் கைப்பிடியைக் கையால் சுற்றிப் படமெடுத்தார். ஆகவே ஒரு நொடிக்கு 16 முதல் 24 படங்கள்வரை பதிவாயின. நிலையான வேகம் இல்லை. ஒலிப்படம் வந்தபின் நொடிக்கு 24 என்பது நிலைபெற்றது. நொடிக்கு 18 படங்களாக எடுத்ததை 24 படங்களாக ஓட்டினால், எல்லா அசைவும் மூன்றில் ஒரு பங்கு விரைவாகிவிடும். பொம்மை ஓட்டத்திற்குக் காரணம் இதுவே. ஆனால் நகைச்சுவைக் கலைஞர்கள் சில காட்சிகளை வேண்டுமென்றே சற்று விரைவாகத் தோன்றுமாறு எடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது. எது கலை, எது பிழை என்பதை எவ்வாறு அறிவது? நாயகனைப் பாராமல், பின்னணியில் தெருவில் நடந்து செல்பவரைப் பார்க்க வேண்டும். படம் முழுவதும் அவரும் ஓடுபவர்போல் விரைந்தால், அந்தப் படியின் வேகம் தவறானது.

இரண்டாவது வடிவம். அக்காலத் திரை, அகலம் நான்கு பங்கும் உயரம் மூன்று பங்குமாக அமைந்தது. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காகச் சிலர் படத்தை இழுத்துவிடுகின்றனர். சிலர் மேலும் கீழும் வெட்டிவிடுகின்றனர். வண்டிச் சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. தலையோ காலோ அடிக்கடி மறைந்தால் வெட்டப்பட்டிருக்கிறது. நல்ல படியில் திரையின் இருபுறமும் கருநிறப் பட்டைகள் இருக்கும், அவை குறையல்ல.

மூன்றாவது இசை. பேசாப் படம் பெரும்பாலும் மௌனத்தில் ஓடவில்லை. அரங்கில் பியானோவோ ஆர்கனோ இசைக்குழுவோ உடன் ஒலித்தது. இன்றைய படிகளில் உள்ள இசை பெரும்பாலும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. காட்சியோடு இயைந்து ஏறி இறங்கினால் அது நல்ல படி. ஏதோ ஓர் இசைத்தட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடவிட்டதுபோல் இருந்தால், வேறு படியைத் தேடுதல் நலம்.

‘ஒரு வாரம்’: படத்தைப் பார்த்தல்

கதை எளியது. புதுமணத் தம்பதிக்குத் திருமணப் பரிசாக ஒரு மனையும், பெட்டிகளில் அடைக்கப்பட்ட வீடு ஒன்றும் கிடைக்கின்றன. பெட்டிகளின் மேலுள்ள எண் வரிசைப்படி பொருத்தினால் வீடு உருவாகிவிடும். மணமகளை மணக்க விரும்பி ஏமாந்த ஒருவன், யாரும் பாராதபோது அந்த எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். நாட்காட்டியின் தாள்கள் ஒவ்வொன்றாகக் கிழிய, ஒரு வாரம் நகர்கிறது.

எண் மாற்றப்பட்டதை நாம் பார்க்கிறோம்; கணவன் பார்க்கவில்லை. இதனை ஓர் எழுத்து அட்டையால் கூறாமல், செயலாகவே காட்டுகிறார் கீட்டன். இதற்குப்பின் அவன் எவ்வளவு கவனமாக உழைக்கிறானோ, அவ்வளவுக்கு வீடு கோணலாகிறது. சிரிப்பு அவன் அறியாமையிலிருந்து பிறக்கவில்லை. பிழையான குறிப்பை நேர்மையாகப் பின்பற்றும் அவன் உழைப்பிலிருந்து பிறக்கிறது. கதவு மாடியில், வெளியே படியின்றித் திறக்கிறது. அந்தக் கதவு நம் கண்முன் இருக்கிறது. அவன் அதன் வழியே வெளியேறிக் கீழே விழுவது பின்னர் நிகழ்கிறது. கதவை முன்பே கவனித்தவர், அவன் அதை நோக்கி நடக்கும்போதே சிரிக்கத் தொடங்குவார்.

இங்கே பார்க்கும் முறையின் முதற்பாடம் உள்ளது. இன்றைய படங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அண்மைக் காட்சியும் ஒலியும் நமக்குச் சுட்டிக்காட்டுகின்றன. கீட்டன் பெரும்பாலும் தொலைவிலிருந்து, தலைமுதல் கால்வரை தெரியுமாறு காட்சியை அமைக்கிறார். முகத்திலும் சிரிப்பையோ திகைப்பையோ காட்டுவதில்லை. ஆகவே நம் கண் முகத்தில் நிலைக்காமல், சட்டகம் முழுவதும் உலவ வேண்டும். சுவர், கதவு, ஏணி, கயிறு ஆகியவையும் இங்கே நடிகர்களே. கைப்பேசியில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டே பேசும் படத்தைக் கேட்டுத் தொடரலாம். பேசாப் படத்தை அவ்வாறு தொடர இயலாது. கண்ணை ஐந்து நொடி எடுத்தால் ஒரு நகைச்சுவை போய்விடும்.

புயல் வீசும் இரவில், விருந்தினர் நிறைந்த வீடே சுழல்கிறது. இதற்காக வீட்டைச் சுழல்மேடையின்மேல் கட்டினர். பின்னர், வீடு கட்டப்பட்ட மனையே தவறானது என்று தெரியவருகிறது. வீட்டை இழுத்துச் செல்லும் வழியில் அது தண்டவாளத்தின் மேல் சிக்கிக்கொள்கிறது. தொலைவில் தொடர்வண்டி தோன்றுகிறது.

இக்காட்சியை இருமுறை பார்க்க வேண்டும். முதன்முறை பார்ப்பவர், கணவனும் மனைவியும் வீட்டைத் தள்ளிப் பார்த்துத் தோற்று, விலகி நின்று கண்ணை மூடிக்கொள்வதையே காண்பர். வண்டி விரைந்து வருகிறது. வீட்டைத் தொடாமல் கடந்து செல்கிறது. அது பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த வண்டி. இருவரும் பெருமூச்சு விடுகின்றனர், நாமும் விடுகிறோம். அந்த நொடியில் எதிர்த்திசையிலிருந்து மற்றொரு வண்டி வந்து வீட்டை நொறுக்கிவிடுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது, ஒளிப்படக் கருவி நின்ற கோணத்தைக் கவனிக்க வேண்டும். அக்கோணத்தில் இரண்டு தண்டவாளங்கள் இருப்பது எளிதில் புலப்படுவதில்லை. இரண்டாவது வண்டி வரும் திசை சட்டகத்திற்கு வெளியே இருக்கிறது. நம்மை ஏமாற்றியது கதையன்று, காட்சியின் விளிம்பு. எதைக் காட்டுவது என்பதைப்போலவே எதை மறைப்பது என்பதும் படக்கலைஞரின் மொழி.

உடலே சான்று

காட்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல் தொலைவிலிருந்து எடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. நிகழ்வது உண்மை என்பதற்கு அதுவே சான்று. தொடர்வண்டி இடித்தது உண்மையான கட்டுமானத்தை. இப்படத்தில் சுவர் ஒன்று கீட்டன்மேல் சாய, சாளரத்தின் வெற்றிடத்தில் அவர் தப்பிக்கிறார். 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் இதையே ஒரு வீட்டின் முகப்பைச் சாய்த்து, மேலும் ஆபத்தாகச் செய்துகாட்டினார். சில அங்குலங்கள் தவறியிருந்தால் உயிர் போயிருக்கும். 1924இல் வந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் நீர்த்தொட்டிக் குழாயிலிருந்து பாய்ந்த நீர் அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. அப்போது கழுத்தெலும்பு முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப்பின் மருத்துவச் சோதனையில்தான் தெரிந்தது.

இதனை அறிந்தபின் அக்காட்சியில் நம் சிரிப்பு சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் தவறன்று. சிரிப்பும் அச்சமும் ஒரே அசைவில் கலந்திருப்பதே இப்படங்களின் இயல்பு.

அடுத்த படிகள்

‘ஒரு வாரம்’ சுவைத்தால், அடுத்ததாக லாரலும் ஹார்டியும் நடித்த ‘பிக் பிசினஸ்’ (1929) என்னும் இருசுருள் படத்தைப் பார்க்கலாம். இதன் வேகம் நேர்மாறானது. ஒருவர் மற்றவர் பொருளைப் பொறுமையாக உடைக்க, மற்றவர் பார்த்து நின்று, பின் தம் முறைக்கு உடைக்கிறார். பிறகு முக்கால் மணிநேரம் ஓடும் ‘ஷெர்லாக் ஜூனியர்’. அதன்பின் ஹரால்டு லாயிட் கட்டடத்தில் ஏறும் ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923). லாயிட் இப்படத்திற்கு முன்பே, 1919இல் நிகழ்ந்த வெடிவிபத்தில் வலக்கையின் இரு விரல்களை இழந்தவர். உறை அணிந்த கையோடு அவர் ஏறுகிறார்.

சாப்ளினின் ‘தி கோல்டு ரஷ்’ இருவடிவங்களில் கிடைக்கிறது. 1925ஆம் ஆண்டு வடிவத்தில் எழுத்து அட்டைகள் உள்ளன. 1942இல் சாப்ளின் அவற்றை நீக்கித் தம் குரலில் விளக்கம் சேர்த்தார். பேசாப் படமாகப் பார்க்க விரும்புவோர் முன்னதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அக்கால அமெரிக்கப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் காட்சிகள் உள்ளன. கீட்டனின் ‘செவன் சான்சஸ்’ (1925) அவற்றுள் ஒன்று. கலைத்திறனைப் போற்றுவதால் அந்த இழிவை ஏற்றதாகாது. சிரிக்க இயலாத இடத்தில் சிரிக்காமல் இருப்பதும் பார்க்கும் முறையின் ஒரு பகுதியே.

> தெரியுமா?
> உரையாடலின்றி நகைச்சுவைக் கதை சொல்லும் முயற்சி பேசாப் படக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987இல் வெளிவந்த ‘பேசும் படம்’ முழுவதும் உரையாடலின்றி அமைந்தது. ஆனால் அதில் தெருவோசை, கதவோசை போன்ற ஒலிகள் உண்டு.

கற்பவை கற்றபின்…

1. ‘ஒரு வாரம்’ படத்தின் தொடர்வண்டிக் காட்சியை இருமுறை பார்த்து, இரண்டாம் முறை மட்டும் கண்ணில் பட்டவற்றைப் பட்டியலிடுக.
2. பேசாப் படக் காட்சி ஒன்றை இசையோடும் இசையின்றியும் பார்த்து, சிரிப்பு வரும் இடங்கள் மாறுகின்றனவா என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.
3. நீங்கள் அண்மையில் பார்த்த படமொன்றின் நகைச்சுவைக் காட்சியை, உரையாடல் இல்லாமல் செயலால் மட்டுமே விளங்குமாறு மாற்றி எழுதுக.