ஆறு ஒப்பந்தங்கள், ஒரே பிழை

ஒரு வணிக வளாகத்தில் ஆறு கடைகள் வாடகைக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தங்களை எழுதுகிறவர் ஒருவர். கையெழுத்துக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்க்கிறவர் இன்னொருவர். ஆறையும் வாசித்து முடித்த பிறகு அவர் எழுதியவருக்கு அனுப்பும் குறிப்பு அரைப்பக்கம்கூட வராது. ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். ஆறும் பார்த்தாயிற்று. சில்லறை எழுத்துப்பிழைகளை அந்தந்தத் தாளிலேயே சுழித்திருக்கிறேன். கீழே உள்ள மூன்றும் ஆறிலும் வருவதால் மாதிரியிலேயே இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஷரத்து 5: வாடகை எண்ணில் கடைக்குக் கடை மாறுகிறது, எழுத்தில் எல்லாவற்றிலும் ‘முப்பதாயிரம்’. மருந்துக்கடைக்கு மட்டும்தான் அது பொருந்துகிறது. ஷரத்து 11: ‘ஷரத்து 9-ன்படி அறிவிப்பு’ என்கிறது, 9 மின்கட்டணம், அறிவிப்பு இருப்பது 8-ல். ஷரத்து 14, 15: 1940, 1960-ஆம் ஆண்டுச் சட்டங்கள் குறிப்பிடப்படுகின்றன. இப்போதும் அவைதானா என்று தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பேக்கரி ஒப்பந்தத்தில் மட்டும் ஷரத்து 12-ல் மருந்துக்கடைக்காரர் பெயர் இருக்கிறது.”

கடைசி வரியை மற்ற மூன்றிலிருந்து அவர் பிரித்து எழுதியதில் விஷயம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிழை ஆறு ஒப்பந்தங்களிலும் வந்தால், அது எல்லோரும் நகலெடுக்கும் மூலக்கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. பழைய வாடிக்கையாளரின் பெயர் ஒன்றில் மட்டும் எட்டிப்பார்த்தால் கதை வேறு. பேக்கரிக்கான ஒப்பந்தத்தை மூலக்கோப்பிலிருந்து தொடங்காமல், முந்தைய நாள் முடித்த மருந்துக்கடை ஒப்பந்தத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்துத் தட்டியிருக்கிறார்கள். முதலாவதற்கு மூலக்கோப்பைத் திருத்தினால் போதும். இரண்டாவதற்கு வேலை செய்யும் பழக்கத்தை மாற்ற வேண்டும். மூலக்கோப்பை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது.

வாடகைத் தொகைப் பிழை பார்க்க அற்பமாகத் தெரியும். எழுதுகிறவர் கண் எண்ணுக்குத்தான் போகிறது. அதை மாற்றிவிட்டு அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்தை விட்டுவிடுகிறார். தையல்கடை ஒப்பந்தத்தில் ‘ரூ. 22,000 (ரூபாய் முப்பதாயிரம் மட்டும்)’ என்று நிற்கிறது. காசோலை போன்ற ஆவணங்களில் இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை ஒப்பந்தத்துக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் எழுத்துக்கே அதிக மதிப்பு என்று வாதாடுவது வழக்கம். மாதம் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தை அந்த வாதத்தின் தயவில் விட்டுவைக்கத் தையல்கடைக்காரர் விரும்பமாட்டார்.

இருப்பதில் ஆபத்தானது ஷரத்து எண் பிழைதான். அது எப்படி வந்தது என்று பார்த்தால் புரியும். பழைய மாதிரியில் ஆறாவது ஷரத்து ஜெனரேட்டர் கட்டணம். புதிய வளாகத்தில் அது தனியாக வசூலிக்கப்படுவதில்லை என்பதால் ஷரத்தை நீக்கிவிட்டார்கள். தானாக எண் போடும் வசதி இருந்ததால் பின்னால் வந்தவை எல்லாம் ஒவ்வோர் எண் முன்னே நகர்ந்தன. ஒன்பதாக இருந்த அறிவிப்பு ஷரத்து எட்டானது; பத்தாக இருந்த மின்கட்டணம் ஒன்பதானது. வாக்கியத்துக்குள் கையால் தட்டிய ‘ஷரத்து 9’ மட்டும் அசையவில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். ‘ஷரத்து 9-ன்படி அறிவிப்புத் தராமல் காலி செய்தால் முன்பணத்தில் இரண்டு மாத வாடகை பிடிக்கப்படும்’ என்பது ஷரத்து 11. வாடகைதாரர் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போகிறார். உரிமையாளர் ஒன்பதைப் புரட்டினால், கெடு தேதிக்குள் மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. வாடகைதாரர் அதை ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார். நோக்கம் என்ன என்பதை நீதிமன்றம் ஒருவேளை ஊகித்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் முன்பணத் தகராறு வக்கீல் நோட்டீஸ் வரை போயிருக்கும்.

வேர்டில் இதற்கு வழி இருக்கிறது. எண்ணைக் கையால் தட்டாமல் Cross-reference கட்டளை வழியாகச் செருகினால், அது அந்த ஷரத்தோடு பிணைந்திருக்கும். கோப்பை முடிக்கும்போது Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். சுட்டப்பட்ட ஷரத்தே நீக்கப்பட்டிருந்தால் `Error! Reference source not found.` என்று நடுப்பக்கத்தில் தடித்த எழுத்தில் கத்தும். அப்படியே அச்சாகிக் கையெழுத்தான ஒப்பந்தங்களும் உண்டு, அசிங்கம்தான். இருந்தாலும் கத்துகிற பிழை தேவலை. கையால் தட்டிய எண் எந்தச் சத்தமும் போடாது. ஒவ்வொரு சுட்டலையும் அது காட்டும் இடத்துக்குப் போய் ஒருவர் வாசித்தால் மட்டுமே அகப்படும்.

சட்டங்களின் பெயர் விஷயத்தில் குறிப்பு எழுதியவர் திருத்தாமல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டது சரியான நடைமுறை. எந்தச் சட்டம் பொருந்தும் என்று முடிவு செய்வது எழுதியவர் வேலை, அல்லது வக்கீல் வேலை. 1940-ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்தின் இடத்தில் 1996-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாதிரிகளுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

1940-ஐச் சுமந்த ஒப்பந்தம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2005-ல் கையெழுத்தான பங்குதாரர் ஒப்பந்தம் அது. புதுச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகும் பழைய பெயரே அதில் இருந்தது. பெயர் பழையது என்பதால் நடுவர் ஷரத்து செல்லாமல் போகாது, 1996-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. ஷரத்து பிழைத்தது. பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள நாட்டின் கடைசிப் படிக்கட்டு வரை ஏற வேண்டியிருந்தது.

அரசாங்கங்களுக்கும் இந்த நோய் உண்டு. 2020 டிசம்பரில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் இணைப்பு ஒன்று, ‘நவீன’ மின்னஞ்சல் மென்பொருளுக்கு உதாரணமாக நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4-ஐச் சொன்னது. அது 1997-ல் வந்த மென்பொருள். 2008-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய முடிவு ஒன்றில் இருந்த வாசகம் அப்படியே நகர்ந்து வந்திருந்தது.

குறிப்பு கிடைத்த பிறகு மூலக்கோப்பைத் திருத்துவது அரை மணி நேர வேலை. திருத்திய தேதியைப் பக்க அடியில் போட்டு, பழைய பிரதிகளை எல்லோருடைய கணினியிலிருந்தும் நீக்காவிட்டால் அடுத்த மாதமே பழையது தலைகாட்டும். மாறும் இடங்களை எல்லாம் [வாடகை-எண்], [வாடகை-எழுத்து] என்று சதுர அடைப்புக்குறியில் வைப்பதும் நல்லது. கடைசியில் ‘[’ என்று தேடினால் நிரப்பாமல் விட்டது தெரிந்துவிடும்.

மூலக்கோப்பைத் திருத்துவதால் ஏற்கெனவே கையெழுத்தானவை திருந்திவிடுவதில்லை. அவற்றில் ஒரு தரப்பு மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தினால் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகும். இரு தரப்பும் கையெழுத்திட்ட திருத்த ஒப்பந்தம் வேண்டும். ஆகவே வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்தால் பேனாவைத் திறப்பதற்கு முன் தொகையை எழுத்திலும் வாசியுங்கள். ‘ஷரத்து இத்தனையின்படி’ என்று வரும் இடங்களில் அந்த ஷரத்தைப் புரட்டிப் பாருங்கள்.