பணியிழந்த ஆலை மேற்பார்வையாளர்: 30 நாள்களில் வேலை தேடலை மீண்டும் தொடங்குவது எப்படி?

பெங்களூரு: அல்சூர் ஏரிக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள ஜோகுபாளையம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பகுதி. ஆலை மூடல் என்பது நகரின் இந்தக் கிழக்குப் பக்கம் அறியாத செய்தியன்று. அருகிலுள்ள பையப்பனஹள்ளியில் இயங்கிய என்.ஜி.இ.எஃப். மின்கருவி ஆலை 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவு 2016-இல் முடிவுக்கு வந்தது. தற்போது ஆள்குறைப்பு பெரும்பாலும் தனியார் உதிரிபாக ஆலைகளில், ஒரு பிரிவு அல்லது ஒரு வரிசை என்ற அளவில் ஓசையின்றி நிகழ்கிறது.

அவ்வாறு நிகழும்போது மேற்பார்வையாளரின் நிலை சிக்கலானது. தொழிற்சங்கம் அவரை நிர்வாகத்தின் ஆளாகப் பார்க்கிறது; நிர்வாகமோ அவரை மேலாளராக ஏற்பதில்லை. பத்தாண்டுக்கு மேல் ஒரே ஆலையில் இருந்தவரிடம் தன்விவரக் குறிப்புகூட இருக்காது. அவர் ஒரு மாதத்தில் என்ன செய்யலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம். அவருக்கு வயது 43. வாகன உதிரிபாக ஆலையொன்றின் எந்திரப் பிரிவில் 11 ஆண்டு 8 மாதப் பணி. மொத்த ஊதியம் ரூ.31,000, அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.18,200.

முதல் வாரம்: கையெழுத்துக்கு முன் கடிதம்

முதல் வாரத்தில் வேலை தேடுவதைவிட, விட்டு வந்த வேலையின் கணக்கை முடிப்பதே முக்கியம். ஆலை தரும் கடிதத்தில் எந்தச் சொல் உள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'லே-ஆஃப்' என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் லே-ஆஃப் என்பது தற்காலிக வேலை மறுப்பு. பணி உறவு அறுபடுவதில்லை. நிரந்தரமாக வெளியேற்றுவது ஆள்குறைப்பு. மூன்றாவதாக ஒன்று உண்டு: "ராஜிநாமா என்று எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழ் நன்றாக வரும்" என்று மனிதவளப் பிரிவு கேட்பது. அப்படி எழுதிக் கொடுத்தால், ஆள்குறைப்பு இழப்பீடு கோரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

அந்த இழப்பீடு மேற்பார்வையாளருக்குக் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறுபவர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். நமது எடுத்துக்காட்டில் உள்ளவர் அந்த வரம்பைச் சற்றே தாண்டுகிறார். ஆயினும் பதவியின் பெயரை மட்டும் வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. அவர் உண்மையில் செய்த முதன்மைப் பணி எது என்றே பார்க்கின்றன. விடுப்பு வழங்கவோ, ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்கவோ, பணியைப் பகிர்ந்தளிக்கவோ அதிகாரமின்றி, நாளின் பெரும்பகுதியை எந்திரத்தில் டூல் மாற்றுவதிலும் முதல் பொருளை அளந்து பார்ப்பதிலும் செலவிட்டவர், மேற்பார்வையாளர் என்ற பெயர் இருந்தும் தொழிலாளராகவே கருதப்பட வாய்ப்புண்டு. ஐயம் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன் பன்னேர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனில், அதாவது மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்தில், விசாரிப்பது நல்லது.

இந்த வரையறைச் சிக்கல் தொடாத உரிமைகளும் உள்ளன. ஊதியச் சட்டத் தொகுப்பு 'ஊழியர்' என்ற விரிந்த சொல்லைப் பயன்படுத்துவதால் மேற்பார்வையாளரும் அதில் அடங்குவார். நிலுவை ஊதியத்தை வெளியேறிய இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். பணிக்கொடைக்கும் இதே நிலைதான். கணக்கு எளியது: ரூ.18,200-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓராண்டுக்கு ரூ.10,500. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலம் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால் 11 ஆண்டு 8 மாதம் 12 ஆண்டுகளாகிறது. ஆக, ரூ.1,26,000. இது 30 நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டிய தொகை. விண்ணப்பத்தை எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்கி வைப்பது அவசியம்.

வருங்கால வைப்பு நிதித் தளத்தில் தமது பணி வரலாற்றைத் திறந்து, வெளியேறிய தேதியை நிறுவனம் பதிவு செய்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இது சிறிய விவரமாகத் தோன்றும். ஆனால் புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது இந்தப் பதிவைத்தான். நிறுவனம் பதிவு செய்யாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய இரண்டு மாதங்களுக்குப் பிறகே ஊழியர் தாமாகப் பதிய முடியும். எனவே பழைய அலுவலகத்தில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு முடிப்பது மேல்.

இரண்டாம் வாரம்: மேற்பார்வை என்றால் என்ன?

ஆலை மேற்பார்வையாளர்களின் தன்விவரக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'உற்பத்தியைக் கவனித்தேன், ஆள்களை நிர்வகித்தேன், தரத்தை உறுதி செய்தேன்' என்ற மூன்று வரிகள் எந்த ஆலைக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஆலையும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆள் எடுப்பவர் தேடுவது மேற்பார்வையாளர் என்ற பொதுவான ஆளையல்ல. குறிப்பிட்ட செய்முறை தெரிந்தவரை. சி.என்.சி. எந்திரப் பிரிவு, பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங், அசெம்பிளி ஆகிய ஒவ்வொன்றும் தனிச் சந்தை.

எனவே குறிப்பின் முதல் வரியிலேயே செய்முறை, எந்திரங்களின் எண்ணிக்கை, ஆள்களின் எண்ணிக்கை, முறைப்பணி ஆகியவை வந்துவிட வேண்டும். 'எந்திரப் பிரிவில் மேற்பார்வை' என்பதற்குப் பதில், '14 சி.என்.சி. லேத் எந்திரங்கள், ஒரு ஷிஃப்டுக்கு 22 பேர், மூன்று ஷிஃப்டு, ஃபேனக் கன்ட்ரோல், ஐ.ஏ.டி.எஃப். 16949 தணிக்கையை நேரில் எதிர்கொண்ட அனுபவம்' என்று எழுதலாம். அதன்பின் தாம் மாற்றிய ஒன்றிரண்டு எண்களைச் சேர்க்கலாம்: ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எந்திரத்தை மாற்றி அமைக்க ஆன நேரம் 90 நிமிடத்திலிருந்து 55-ஆகக் குறைந்தது என்பதுபோல. எண் நினைவில் இல்லையெனில் கற்பனை செய்யக் கூடாது. நேர்காணலில் "எப்படிக் குறைத்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வி தவறாமல் வரும். பழைய ஆலையின் வரைபடங்களையோ உள் அறிக்கைகளையோ சான்றாக எடுத்துச் செல்லவும் கூடாது. அதைக் காட்டுபவர் நாளை நமது வரைபடத்தையும் காட்டுவார் என்றே எதிரில் இருப்பவர் எண்ணுவார்.

ஒரே பணியை ஆலைகள் வெவ்வேறு பெயர்களில் அறிவிக்கின்றன. மத்திய அரசின் ncs.gov.in தளத்திலும் தனியார் தளங்களிலும் Production Supervisor என்று மட்டும் தேடினால் பாதி அறிவிப்புகள் தப்பிவிடும். Shift Incharge, Line Leader, Cell Leader ஆகியவற்றையும் செய்முறையின் பெயரோடு சேர்த்துத் தேட வேண்டும்.

மூன்றாம் வாரம்: வரைபடத்தை விரிப்பது

எங்கே தேடுவது என்பதைப் பயண நேரம் முடிவு செய்யட்டும். ஜோகுபாளையத்தில் இருப்பவருக்கு அல்சூர் மெட்ரோ நிலையம் அருகில். அங்கிருந்து ஊதாத் தடத்தில் மெஜஸ்டிக் சென்று பச்சைத் தடத்துக்கு மாறினால் பீன்யா. அதே பச்சைத் தடத்தில் ஆர்.வி. ரோடு சென்று, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில் ஏறினால் பொம்மசந்திரா. முன்பு இரண்டு மூன்று பேருந்து மாறியவர்களுக்குப் பொம்மசந்திராவும் அதையொட்டிய ஜிகணியும் இப்போது எட்டும் தொலைவுக்கு வந்துள்ளன. ஒசூர், நரசாபுரா, பிடதி ஆகியவை வேறு கணக்கு. அங்கெல்லாம் நிறுவனப் பேருந்து எங்கிருந்து புறப்படுகிறது என்று முதலிலேயே கேட்க வேண்டும். அதிகாலை 6 மணி ஷிஃப்டுக்கு மெட்ரோவை நம்ப இயலாது என்பதையும் மறக்கக் கூடாது.

இணைய விண்ணப்பங்களைவிட மேற்பார்வையாளருக்கு வலுவான வழி ஒன்று உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பழைய ஆலைக்கு வந்து சென்ற வெளியாள்கள்தாம் அந்த வழி: கட்டிங் டூல் விற்பனைப் பொறியாளர், எந்திரப் பழுது நீக்குநர், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தார், ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும் முகவர். இவர்கள் நாள்தோறும் பல ஆலைகளுக்குள் நுழைபவர்கள். எங்கே புதிய எந்திரம் இறங்குகிறது, எங்கே இரவு ஷிஃப்டு தொடங்குகிறது என்பது அறிவிப்பு வெளியாகும் முன்பே இவர்களுக்குத் தெரியும். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. "இந்த மாதம் லேத் எந்திரம் இறக்கிய ஆலை எது, உற்பத்தித் தலைவர் யார்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

பணம் கேட்கும் வேலைவாய்ப்பு எதுவும் வேலைவாய்ப்பல்ல. பாதுகாப்பு வைப்புத்தொகை, சீருடைக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நியமனம் நிறுவனத்தின் பட்டியலிலா, ஒப்பந்ததாரரின் பட்டியலிலா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காம் வாரம்: எங்கே அடைபடுகிறது?

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேதி, ஆலை, தொடர்பு கொண்டவர், பதில் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், இந்த வாரத்தில் அது பேசத் தொடங்கும். முப்பது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லையெனில் பிழை குறிப்பில்தான்; பெரும்பாலும் முதல் வரியில் செய்முறை தெளிவாக இல்லை. அழைப்பு வந்து, ஊதியம் கேட்டபின் பேச்சு நின்றுவிட்டால், சொல்லும் தொகை அந்தப் பகுதியின் நிலவரத்தைத் தாண்டுகிறது. நேர்காணல் வரை சென்று நின்றால், பதில்களில் சிக்கல். மூன்றுக்கும் மருந்து வேறு. இதை அறியாமல் விண்ணப்ப எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில் பலர் இரண்டாம் மாதத்தையும் இழக்கிறார்கள்.

நேர்காணலில் ஏன் வெளியேறினீர்கள் என்ற கேள்விக்கு ஒரே வாக்கியம் போதும்: "எங்கள் பொருளுக்கான ஆர்டர் நின்றது, அந்த வரிசையில் இருந்தவர்களைக் குறைத்தார்கள்." பழைய நிர்வாகத்தைக் குறை சொல்லத் தொடங்கினால் பேச்சு அங்கேயே தங்கிவிடும். இடைவெளியை மறைக்கத் தேதிகளை நீட்டுவது அதைவிடத் தவறு; வைப்பு நிதிப் பதிவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பல ஆலைகள் வேட்பாளரை உற்பத்திக் கூடத்துக்குள் அழைத்துச் சென்று, "இங்கே என்ன சரியில்லை?" என்று கேட்பதுண்டு. அங்கே பத்துக் குறைகளை அடுக்குபவரைவிட, தரையில் சிந்திய கூலன்ட், குறியிடப்படாமல் கிடக்கும் நிராகரிப்புத் தட்டு போன்ற ஒன்றிரண்டைக் காட்டி, முதலில் எதைச் சரிசெய்வேன் என்று சொல்பவரே நினைவில் நிற்கிறார்.

மாத முடிவில் கையில் இருப்பது ரூ.26,000 ஊதியத்தில் ஓர் அழைப்பு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்பதா வேண்டாமா என்பதைக் குடும்பச் செலவுக் கணக்குதான் சொல்ல வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை சேர்த்து மாதம் ரூ.24,000 ஆகிறது எனில், ரூ.1,26,000 பணிக்கொடை ஐந்து மாதங்களுக்குச் சற்றே அதிகமாகத் தாங்கும். அந்தத் தொகை இன்னும் வங்கிக்கு வராத நிலையில், அவர் காத்திருக்கும் நிலையில் இல்லை. புதிய ஆலை தெரிந்த செய்முறையில், நிறுவனத்தின் நேரடிப் பட்டியலில் வேலை தருகிறது எனில், ரூ.5,000 குறைவை ஏற்று உள்ளே சென்று, ஊதியத்தை ஆறு மாதத்தில் மறுபரிசீலனை செய்வோம் என்ற வரியை நியமனக் கடிதத்தில் கேட்டுப் பெறுவது நடைமுறைக்கு உகந்தது.